சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கைப்பேசியில் பிடிஎஃப்களும் கொட்டத் தொடங்கிவிடும். இந்திய வானிலை ஆய்வுத் துறை மாவட்ட வாரியாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு நிறங்களில் எச்சரிக்கை தருகிறது. அதைப் பார்த்துப் பள்ளிக்கூடங்களும் குடியிருப்போர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் தங்கள் பகுதிக்கென ஒரு பக்க அறிவிப்பைத் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகின்றன. மற்ற ஆவணங்களில் நிறம் ஒரு அலங்காரம். இந்த அறிவிப்பில் செய்தியே நிறம்தான். அதனால் நிறத்தில் செய்யும் பிழை இதில் உடனே வெளிப்படும். பிடிஎஃப்பில் நிறம் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

அப்படி ஒரு பக்கம் எப்படி இருக்கும்? மேலே நீலப் பட்டையில் தலைப்பு. நடுவில் ஒரு அட்டவணை: மாவட்டத்தின் பெயர்கள் வரிசையாக, அந்தந்த எச்சரிக்கையின் நிறத்திலேயே எழுதப்பட்டிருக்கும். மஞ்சள் எச்சரிக்கை உள்ள மாவட்டம் மஞ்சள் எழுத்தில், சிவப்புக்கு உரியது சிவப்பில். அடியில், சின்னதாக, வெளிர் சாம்பல் எழுத்தில் வெளியிட்ட தேதியும் நேரமும். தயாரித்தவர் கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று இருக்கும். ஆனால் இதைத் திறக்கும் இரண்டு பேருக்குப் பக்கம் வேறு விதமாகத் தெரியும்.

முதலாமவர் கண்புரை வளர்ந்துவரும் பெரியவர். புரை விழுந்த கண்வில்லை கொஞ்சம் மஞ்சளாகவும் கலங்கலாகவும் இருக்கும். உள்ளே நுழையும் வெளிச்சம் சிதறி, எழுத்தின் கருமைமேலும் படர்ந்துவிடும். அதனால் கறுப்பு சாம்பலாகிறது, சாம்பல் காணாமலே போகிறது. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்கும் கிளாகோமா உள்ளவர்களுக்கும் வேறு காரணங்களால் இதே கதி நேரலாம். இவர்களில் சிலர் கண் மருத்துவமனைச் சுவரில் உள்ள எழுத்துப் பலகையைத் தட்டுத்தடுமாறாமல் படித்துவிடுவார்கள். அந்தப் பலகையில் எழுத்து சிறிதாகிக்கொண்டே போகுமே தவிர, கறுப்பு கறுப்பாகவே இருக்கும். எழுத்தின் அளவை மாற்றாமல் கருமையை மட்டும் மூன்று மூன்று எழுத்தாக மங்கவைத்துச் சோதிக்கும் பெல்லி-ராப்சன் பலகை 1988இல்தான் வந்தது. சாதாரணப் பலகையில் தேறியவர் இதில் பாதியிலேயே நின்றுவிடக்கூடும்.

‘பிடிஎஃப்தானே, விரலால் இழுத்துப் பெரிதாக்கிக்கொள்ளட்டும்’ என்பார்கள். பெரிதாக்குவது ஓரளவு உதவும். ஆனால் வெளிர் சாம்பல் நான்கு மடங்கு பெரிதானாலும் வெளிர் சாம்பல்தான்.

இரண்டாமவருக்குப் பார்வைக் கூர்மையில் ஒரு குறையும் இல்லை. நிறங்களைப் பிரித்தறிவதில்தான் சிக்கல். நம் விழித்திரையில் நிறம் அறிய மூன்று வகைக் கூம்பு செல்கள் இருக்கின்றன. அவற்றில் சிவப்பையும் பச்சையையும் உணரும் இரண்டு வகைக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து உள்ளன. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் கோளாறு என்றால் ஈடுகட்ட இன்னொன்று இல்லை. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கும் பெண்களில் 200 பேரில் ஒருவருக்கும் இது உண்டு. மற்ற வம்சாவளிகளில் பொதுவாகக் கொஞ்சம் குறைவு. அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனுக்கும் இருந்தது. 1794இல் தன் பார்வையைப் பற்றித் தானே ஓர் உரை நிகழ்த்தினார். தன் கண்ணுக்குள் உள்ள திரவம் நீலமாக இருப்பதுதான் காரணம் என்று நம்பிய அவர், இறந்த பிறகு கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தார். பார்த்தார்கள், திரவம் தெளிவாகத்தான் இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணிலிருந்து 1995இல் மரபணுச் சோதனை செய்தபோதுதான், பச்சைக்கான செல் வகை அவருக்கு இல்லை என்பது தெரிந்தது.

இந்த இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. நிறம் கைவிட்டாலும், இது வெளிச்சமானது, இது இருண்டது என்ற வேறுபாடு இருவருக்கும் தெரியும். பெரியவருக்கு அந்த வேறுபாடு கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே பக்கத்தை வடிவமைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது நிறத்தின் பெயரை அல்ல, அதன் வெளிச்சத்தை. இதைத்தான் கான்ட்ராஸ்ட் என்கிறோம்.

இதை எண்ணாகவே கணக்கிட ஒரு வழி இருக்கிறது. இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2008இல் தந்த சூத்திரம் இது:

```
(L1 + 0.05) / (L2 + 0.05)
```

L1 வெளிச்சமான நிறத்தின் ஒளியளவு, L2 இருண்டதன் ஒளியளவு. முழு வெள்ளைக்கு 1, முழுக் கறுப்புக்கு 0. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் விடை 21. ஒரே நிறம் இரண்டு என்றால் 1. சுவாரசியம் இருப்பது ஒளியளவைக் கணக்கிடும் விதத்தில்தான். திரையில் தெரியும் வெள்ளையின் வெளிச்சத்தை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், அதில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72, சிவப்பு 21, நீலம் 7. நம் கண் அப்படித்தான் வாங்கிக்கொள்கிறது. மஞ்சள் என்பது திரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. எனவே அதன் வெளிச்சம் 93 பங்கு, கிட்டத்தட்ட வெள்ளை. வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து ஏன் தெரிவதில்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

எவ்வளவு இருந்தால் போதும்? சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கு 3 என்பது அந்த வழிகாட்டியின் அடிப்படை அளவு. 4.5 என்பது யாரோ குத்துமதிப்பாகச் சொன்னதல்ல. நல்ல பார்வை உள்ளவருக்கு 3 போதும் என்று பழைய தரநிலைகள் சொல்லின. பார்வை 6/12 அளவுக்கு இறங்கியவர் கான்ட்ராஸ்ட் உணர்வை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இழக்கிறார். அதனால் மூன்றை ஒன்றரையால் பெருக்கினார்கள். 6/24 அளவுப் பார்வை உள்ளவருக்கும் எட்ட வேண்டும் என்றால் 7. வயதானவர்கள் படிக்கும் அறிவிப்புக்கு நான் 7ஐத்தான் இலக்காக வைப்பேன்.

பெரிய எழுத்துக்கான 3 என்ற சலுகையைத் தமிழில் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது என்பதும் என் கருத்து. 18 புள்ளி, தடித்த எழுத்தென்றால் 14 புள்ளி என்ற அந்த வரையறை ஆங்கில எழுத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. தமிழில் சுழிகள் நெருக்கமானவை, புள்ளி சிறியது. எழுத்து மங்கும்போது முதலில் மறைவது புள்ளிதான். புள்ளி போனால் ‘ம்’ ‘ம’ ஆகிவிடும். காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும்.

இனி நம் மழை அறிவிப்புக்கு வருவோம். வோர்டில் பல காலமாக இருந்துவரும் ‘Standard Colors’ வரிசையை எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலோர் அதிலிருந்துதான் நிறம் எடுக்கிறார்கள். வெள்ளைத் தாளில் அந்தச் சிவப்பு, `#FF0000`, 4.0. பளிச்சென்று தெரிகிறதே என்று நாம் நினைக்கும் சிவப்பு அடிப்படை அளவைக்கூட எட்டவில்லை. பச்சை, `#00B050`, 2.9. ஆரஞ்சு, `#FFC000`, 1.6. மஞ்சள், `#FFFF00`, 1.07. அதாவது நான்கு நிறங்களில் ஒன்றுகூட எழுத்துக்கு உதவாது. அடியில் தேதி எழுதிய சாம்பல் `#999999` என்றால் அது 2.8. இந்த ஐந்தில் எனக்கு மிகவும் உறுத்துவது கடைசிதான். நேற்றைய சிவப்பு எச்சரிக்கை இன்று காலை மறுபடி சுற்றிவரும்போது, அது பழையது என்று சொல்லக்கூடிய ஒரே வரி அது. அதைத்தான் எல்லாரும் மங்கலாக்குகிறார்கள்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவற்றுக்கிடையே கான்ட்ராஸ்ட் வெறும் 1.4. நிறத்தை நீக்கிவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல். அதிகபட்ச ஆபத்தும் ‘ஒன்றுமில்லை’யும் ஒன்றுபோல் தெரிகின்றன. மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகி, மஞ்சள் எச்சரிக்கை உள்ள மாவட்டங்கள் பட்டியலில் இருந்தே காணாமல் போகின்றன.

திருத்தத்தின் முதல் படி, எழுத்தில் இருந்து நிறத்தை எடுத்துவிட்டுப் பெட்டிக்குக் கொடுப்பது. மாவட்டப் பெயர் எல்லாம் கறுப்பில் இருக்கட்டும். அதை அடுத்த கட்டத்தை நிறத்தால் நிரப்பி, உள்ளே ‘மஞ்சள் – கனமழை’, ‘ஆரஞ்சு – மிகக் கனமழை’, ‘சிவப்பு – அதி கனமழை’ என்று எழுதுங்கள். நிறத்தின் பெயரையும் எழுத வேண்டும். ஏனென்றால் வானொலியும் தொலைக்காட்சியும் ‘ஆரஞ்சு அலர்ட்’ என்றுதான் சொல்கின்றன. அதைக் கேட்டவர் பக்கத்தில் அந்தச் சொல்லைத் தேடுவார். மஞ்சள் பெட்டியில் கறுப்பு எழுத்துக்குக் கான்ட்ராஸ்ட் 19க்கு மேல். ஆரஞ்சிலும் தாராளம்.

சிவப்புப் பெட்டியில்தான் ஒரு பொறி இருக்கிறது. `#FF0000` மேல் கறுப்பு எழுத்து 5.25, வெள்ளை எழுத்து 4.0 என்கிறது சூத்திரம். சூத்திரத்தை மட்டும் நம்பினால் கறுப்பைத்தான் தேர்ந்தெடுப்போம். ஆனால் சிவப்புக்கான கூம்பு செல் வகையே இல்லாதவர்களுக்குச் சிவப்பு மிகவும் இருண்டு தெரியும். கரும் பழுப்பின்மேல் கறுப்பு எழுத்து, படிக்கவே முடியாது. சூத்திரம் சராசரிக் கண்ணுக்கு எழுதப்பட்டது, அதனால் இதை அது காட்டிக்கொடுக்காது. வழி என்னவென்றால், சிவப்பைக் கொஞ்சம் இருட்டாக்கி, மேலே வெள்ளை எழுத்து வைப்பது. அதே வரிசையில் உள்ள கருஞ்சிவப்பு, `#C00000`, வெள்ளை எழுத்தோடு 6.5 தரும். சிவப்பு இருண்டு தெரிபவருக்கு அந்த வேறுபாடு கூடுமே தவிரக் குறையாது.

இரண்டாவது படி, நிறங்களை வெளிச்சத்தின் வரிசையில் அடுக்குவது. ஆபத்து கூடக் கூட நிறம் இருட்ட வேண்டும். மஞ்சளும் கருஞ்சிவப்பும் சரியாக இருக்கின்றன. நடுவில் உள்ள ஆரஞ்சு மட்டும் மஞ்சளுக்கு மிக நெருக்கம், வேறுபாடு ஒன்றரைதான். அதை `#F08000` என்று கொஞ்சம் அழுத்தமாக்கினால் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் இடையே 2.5, ஆரஞ்சுக்கும் கருஞ்சிவப்புக்கும் இடையே 2.4 என்று படிகள் ஏறக்குறையச் சமமாகின்றன. ஆரஞ்சின்மேல் கறுப்பு எழுத்து இன்னும் 7.8இல் நிற்கிறது. பச்சை? எச்சரிக்கை இல்லாத மாவட்டத்துக்கு நிறமே தேவையில்லை. வெள்ளைக் கட்டத்தில் ‘பச்சை – எச்சரிக்கை இல்லை’ என்று எழுதினால் போதும். பச்சையை எடுத்துவிட்டதும் சிவப்பு-பச்சைக் குழப்பத்தில் பெரும்பகுதி தானே தீர்ந்துவிடுகிறது.

மஞ்சள் பெட்டி வெள்ளைத் தாளோடு கலந்துபோகும் சிக்கல் மிச்சம் இருக்கிறது. எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரு புள்ளித் தடிமனில் கறுப்புக் கரை போட்டுவிடுங்கள். தேதி வரியை `#595959`க்கு மாற்றினால் சரியாக 7 கிடைக்கும். ஆனால் அதை மேலே ஏற்றி, கறுப்பிலேயே எழுதுவதைத்தான் நான் செய்வேன். பின்னணியில் சங்கத்தின் சின்னத்தை மங்கலாகப் போடும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். எழுத்து சின்னத்தின் இருண்ட பகுதியைக் கடக்கும் இடத்தில் மட்டும் கான்ட்ராஸ்ட் சரியும். பக்கத்தின் வேறொரு மூலையில் அளந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது.

மாவட்ட வரைபடம் சேர்ப்பதாக இருந்தால், விளக்கக் கட்டத்தை மூலையில் வைத்துவிட்டு ‘நிறத்தைப் பொருத்திப் பாருங்கள்’ என்று விடாதீர்கள். நிறம் பிரிக்கத் தெரியாதவருக்கு அது தேர்வுத்தாள். மாவட்டத்தின் மேலேயே 1, 2, 3 என்று நிலையை எழுதி, மாவட்டங்களுக்கிடையே அழுத்தமான எல்லைக்கோடு போடலாம். கோடு கோடாக நிரப்பும் முறையையும் சிலர் சொல்வார்கள். பக்கத்தில் தனியாக எழுத்து இருக்கும் பட்டை வரைபடத்துக்கு அது நல்லது. எழுத்தைத் தாங்கும் வரைபடத்தில் கோடுகள் எழுத்தையே தின்றுவிடும்.

இவ்வளவையும் பிடிஎஃப் ஆக்கும் முன்பே செய்துவிட வேண்டும். வோர்டில் ‘Review’ பட்டியலில் ‘Check Accessibility’ அழுத்தினால் மங்கலான எழுத்துகளைச் சுட்டிக்காட்டும். பிடிஎஃப் ஆன பிறகு அக்ரோபாட் புரோவின் அணுகல் சோதனையை ஓட்டினால், கான்ட்ராஸ்ட் என்ற வரிக்கு நேரே எப்போதும் ‘Needs manual check’ என்றுதான் வரும். அது பாராட்டும் அல்ல, குறையும் அல்ல. ‘நீயே பார்’ என்று பொருள். பார்ப்பதற்கு ‘Colour Contrast Analyser’ என்ற இலவச மென்பொருள் உதவும். அதன் சொட்டுக்குழாயால் திரையில் எழுத்தை ஒரு முறையும் பின்னணியை ஒரு முறையும் தொட்டால் எண் வந்துவிடும். எழுத்தின் ஓரத்தைத் தொடக் கூடாது. ஓரத்தில் உள்ள படப்புள்ளிகள் எழுத்தும் பின்னணியும் கலந்த நிறத்தில் இருக்கும். நன்றாகப் பெரிதாக்கி, கோட்டின் நடுவில் தொட வேண்டும்.

மென்பொருள் எதுவும் வேண்டாம் என்பவர்கள் கைப்பேசியை எடுத்து, அணுகல் அமைப்பில் திரையைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிவிட்டு பிடிஎஃப்பைத் திறக்கலாம். ஆண்ட்ராய்டில் ‘Color correction’, ஐபோனில் ‘Color Filters’ என்ற இடத்தில் அது இருக்கும். ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் ஏறக்குறைய இதே சோதனைதான். அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போவதும் அந்தப் பிரதிதானே. ஆனால் இது கொஞ்சம் கடுமையான சோதனை. நீலமும் ஆரஞ்சும் நிறக்குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நன்றாகப் பிரிந்து தெரியும். ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒகாபேயும் இதோவும் பரிந்துரைத்த வண்ணத் தொகுப்பில் உள்ள நீலமும் செவ்வாரஞ்சும் அப்படிப்பட்டவை. ஆனால் அவை சாம்பலில் ஒன்றாகிவிடும். எனவே சாம்பலில் தோற்றுவிட்டால் உடனே நிறத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்பதில்லை. பெயரோ எண்ணோ சேர்த்தால் போதும்.

ஒரே நிறத்தேர்வு எல்லாக் கண்ணுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கண் கூசுபவர்களில் பலர் வெள்ளைத் தாளைச் சகிக்க முடியாமல், கறுப்புப் பின்னணியில் மஞ்சள் அல்லது வெள்ளை எழுத்தாக மாற்றிக்கொண்டுதான் படிப்பார்கள். அடோபி ரீடரில் ‘Preferences’ திறந்து ‘Accessibility’ பகுதியில் ‘Replace Document Colors’ என்பதைத் தேர்ந்தால் இது நடக்கும். அவர்களுக்கு நாம் செய்யக்கூடியது, அந்த மாற்றத்துக்குக் குறுக்கே நிற்காமல் இருப்பது. எழுத்து எழுத்தாகவே இருந்தால் நிறம் மாறும். அறிவிப்பைத் திரைப்படமாகப் பிடித்தோ ஸ்கேன் செய்தோ அதை பிடிஎஃப் ஆக்கினால் உள்ளே இருப்பது வெறும் படம்; இந்த வசதி அதைத் தொடாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கப்பட்டு, சிவப்பு எழுத்தின் ஓரங்கள் வேறு கசங்கிவிடும். கோப்பாகவே அனுப்புங்கள். நிறம் நிரப்பிய பெட்டிகளில் இன்னொரு விபத்தும் நேரலாம்: எழுத்து வெளிர் நிறத்துக்கு மாறி, பெட்டி பழைய மஞ்சளிலேயே நின்றுவிடும். அனுப்பும் முன் ஒரு தடவை இந்த அமைப்பை நீங்களே போட்டுப் பார்த்துவிடுங்கள். பெட்டிக்குள் எழுத்து மறைந்தால், எச்சரிக்கையின் பெயரைப் பெட்டிக்கு வெளியே, வெள்ளையின்மேல் கறுப்பாக நகர்த்திவிட்டு, நிறத்தைப் பக்கத்தில் ஒரு சிறு கட்டமாக மட்டும் வையுங்கள். பார்ப்பதற்கு அழகு கொஞ்சம் குறையும். எனக்கு அதில் வருத்தமில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நிறங்களைச் சரிசெய்த அந்த வோர்ட் கோப்பைப் பத்திரப்படுத்தி வையுங்கள். பிடிஎஃப்பில் பிறகு நிறத்தைத் திருத்துவது பெரும் தொல்லை. மாதிரிக் கோப்பு கையில் இருந்தால் அடுத்த எச்சரிக்கை வரும்போது மாவட்டப் பெயர்களையும் தேதியையும் மட்டும் மாற்றினால் போதும். மழைக்காலத்தில் அது மறுநாளே வரலாம்.